மரவள்ளியும் மூடாத பானையும்



பதுளையைச் சூழ்ந்த தோட்ட லயங்களிலே, மரவள்ளி அவிக்கும் பானையை மூடலாகாது என்று பாட்டிமார் சொல்வதுண்டு. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அரிதாகி மலையகத்தைப் பட்டினி வாட்டியபோது, பல குடும்பங்கள் இக்கிழங்கையே நம்பி வாழ்ந்தன. பானையை மூடாத அவ்வழக்கத்தின் காரணம் யாது?

பச்சை மரவள்ளியில் லினமரின் என்றொரு பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போது, அதனுள்ளே பிரிந்திருந்த நொதியமொன்று இதனோடு கலந்து, சயனைட்டு நஞ்சை வெளிப்படுத்துகின்றது. அந்நஞ்சு சுமார் 26 பாகைச் சூட்டிலேயே ஆவியாகக்கூடியது. ஆதலின் மூடாத பானையிலிருந்து அது காற்றோடு கலந்து போய்விடும்.

மாலையிலே கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் தாயொருத்தியை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் பசியோடிருக்கின்றனர். அவள் கிழங்கைப் பெருந்துண்டுகளாக வெட்டிக் கொதிநீரில் இட்டு மூடிவிடுகிறாள். கிழங்கு மெத்தென்று வெந்துவிடும். ஆயினும், கடுஞ்சூடு நொதியத்தை விரைவிலேயே அழித்துவிடுவதால், லினமரினிற் பெரும்பகுதி பிரியாமலே துண்டின் நடுவில் தங்கிவிடும். உண்டபின் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைப் பிரித்து நஞ்சாக்கும். வெந்தது என்பது வேறு; நஞ்சு நீங்கியது என்பது வேறு.

அதே தாய் காலையில் பெரட்டுக்குப் போகுமுன், மேற்றோலையும் அதனடியிலுள்ள தடித்த பட்டையையும் உரித்து, கிழங்கைச் சிறு துண்டுகளாக்கித் தண்ணீரில் ஊறவைத்தால், நொதியம் தன் வேலையைச் செய்ய நேரங் கிடைக்கும். மாலையில் அந்நீரைக் கொட்டி, நிறையப் புதுத் தண்ணீர் விட்டு, மூடாமல் நன்கு அவித்து, அவித்த நீரையும் வடித்துவிட வேண்டும். சிறுவர் அடுப்புத் தணலிற் சுட்டுத் தின்னும் கிழங்கிலோ, நஞ்சைக் கரைத்துச் செல்ல நீரில்லை. கசக்கும் கிழங்கை உண்ணவே கூடாது.

மரவள்ளி உண்டபின் தலைசுற்றல், வாந்தி, மூச்சிரைப்பு தோன்றினால், இஞ்சி சேர்ந்ததா என்று ஆராய்ந்து நிற்பது வீண். நஞ்சு கிழங்கிலேயே உள்ளது. உடனே மருத்துவமனைக்குச் செல்க. உடல் சிறிதாகையால் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

காய்ந்த சிவப்புப் போஞ்சி விதையின் நஞ்சு ஆவியாய்ப் போவதில்லை, கொதிச்சூட்டினாலேயே அழியும். இளஞ்சூட்டில் அரைவேக்காடாய்ப் போன நாலைந்து விதைகளே வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கப் போதும். அப்புத்தளை போன்ற உயர்ந்த இடங்களில் நீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடுவதால், அங்கே கூடுதல் நேரம் வேண்டும். இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதுநீரில் அரைமணி நேரமாவது தளதளவென்று கொதிக்கவைத்த பின்னரே தணலைக் குறைக்கலாம்.

மரவள்ளிக்கு நீரும் திறந்த பானையும். போஞ்சிக்கு நீடித்த கொதி. விறகு சிறிது கூடுதலாய்ச் செலவாகும், அவ்வளவே.