பிறந்தநாளுக்கு முப்பது விநாடி இந்தி

(நம் சங்கத்தின் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

என் கணவரை உங்களில் பலருக்குத் தெரியும். தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் கீழே நின்று தமிழில் சண்டை போடுபவர். கான்பூரில் பிறந்தவர் தமிழில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டார். பதினோரு வருடம் குடும்பம் நடத்திய நானோ இந்தியில் ஒரு வாக்கியம் சொன்னதில்லை. மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததும் அவர் கான்பூர் போய்த் தங்கிவிட்டார். ஒரு நாள் போனில், "நம்ம வீட்டில என் பாஷை பேச ஆளே இல்லை" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அவருக்குத் தெரியாமல் ஐந்து மாதம் தினமும் அரை மணி நேரம் ஆன்லைனில் படித்தேன். பிறந்தநாளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. ஐந்து மாதப் படிப்பை வைத்துக்கொண்டு அதை எப்படி எழுதினேன் என்றுதான் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டிலும் மருமகளோ மருமகனோ வேறு மொழியாக இருந்தால் உதவும்.

முதல் வரைவை ஆங்கிலத்தில் யோசித்து எழுதினேன். 'ஐ மிஸ் யூ' என்பதை இந்தியாக்கப் பார்த்து முழுக்கக் குழப்பம். பிறகு தமிழில் யோசித்தேன். "எனக்கு உன் ஞாபகம் வருது" என்கிறோம் இல்லையா? இந்தியிலும் அதே கட்டுமானம்தான்: எனக்கு, உன், ஞாபகம், வருது. 'முஜே தும்ஹாரீ யாத்³ ஆதீ ஹை.' வார்த்தைக்கு வார்த்தை உட்காருகிறது. பசிக்கு, பிடித்ததற்கு எல்லாம் நாம் 'எனக்கு' போடும் இடத்தில் பெரும்பாலும் அவர்களும் 'முஜே' போடுகிறார்கள். ஆகவே இந்திக்கு ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்.

மேலே ஒரு குட்டி 3 பார்த்தீர்களா? அது அச்சுப்பிழை இல்லை. ஸ்லோகப் புத்தகங்களில் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று போட்டிருப்பார்களே, அதே முறை. தமிழில் ஒரே 'க' இந்தியில் நாலு எழுத்து. 'கா²னா' என்றால் சாப்பாடு, 'கா³னா' என்றால் பாட்டு. எண் போடாமல் தமிழில் எழுதிப் படித்தால் சாப்பாட்டைப் பாடிவிடுவோம். 'ஸாத்' என்றால் ஏழு, 'ஸாத்²' என்றால் கூட, சேர்ந்து. 2 போட்ட எழுத்துக்கு மூச்சு வெளியே வர வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லிப் பார்த்தேன். 'கா²' என்றால் காகிதம் அசையணும், வெறும் 'கா' என்றால் அசையக் கூடாது.

வரைவைப் பேசிப் பதிவு செய்து முதலில் என் நாத்தனாருக்கு அனுப்பினேன். ரகசியம் காப்பார். உடனே சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "பாபி, அண்ணா ஞாபகம் பாதிதான் வருதா?" விஷயம் இதுதான். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ஒற்றைத் 'த' தானாக மெலிந்துவிடும். 'அது' என்பதில் வரும் 'து'வைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். நான் 'ஆதீ' என்று எழுதி நம் பழக்கத்தில் வாசித்தேன். அவர் காதில் 'ஆதீ⁴' என்று விழுந்திருக்கிறது. அதற்குப் பாதி என்று அர்த்தம். இதைத் திருத்த அவர் வழி சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்: 'ஆ' என்று சொல்லி நிறுத்தி, பிறகு நெருப்பைச் சொல்வதுபோல் 'தீ'. ஆ, தீ. ஆ, தீ. இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சரியான ஒலி வந்துவிடும். இரண்டு நாள் அடுப்படியில் இதே வேலை. தீ என்று கத்தினால் அக்கம்பக்கம் வந்துவிடுமோ என்று பயம் வேறு.

இரண்டாவது தவறு கொஞ்சம் வெட்கக்கேடு. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆண். அவர் பேசியதை அப்படியே பிடித்து 'போ³ல் ரஹா ஹூன்' என்று ஆண்பிள்ளையாகப் பேசியிருந்தேன். பெண் 'போ³ல் ரஹீ ஹூன்' என்று சொல்லணும். சரி, பெண் என்றால் எங்கும் 'ஈ' என்று மாற்றினேன், அதுவும் தப்பு. வினை எப்போதும் பேசுகிறவரைப் பார்ப்பதில்லை. 'யாத்³' பெண்பால் சொல், அதனால் ஆண் சொன்னாலும் 'ஆதீ ஹை'தான். 'க⁴ர்', அதாவது வீடு, ஆண்பால். அதனால் நான் சொன்னாலும் 'லக்³தா ஹை'.

இறந்தகாலம் இன்னும் சிக்கல். "பாயசம் செய்தேன்" என்றால் 'மைன்னே' என்று தொடங்கி, வினையைப் பாயசத்தின் பாலுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். ஐந்து மாதத்தில் அது எனக்குக் கைவரவில்லை. வராததை மனப்பாடம் செய்தால் பேசும்போது அங்கேதான் குரல் தடுக்கும். அதனால் எல்லாவற்றையும் நிகழ்காலம், எதிர்காலமாக மாற்றிவிட்டேன். 'செய்தேன்' போய் 'செய்வேன்' ஆனது.

இன்னொன்று, 'நீ'யா 'நீங்க'ளா. 'தும்' என்றும் சொல்லலாம், 'ஆப்' என்றும் சொல்லலாம். "வீட்டில் தமிழில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று நாத்தனார் கேட்டார். நீ, வா, போதான். "அப்போ தும்" என்று முடித்துவிட்டார். கடைசியில் நின்றது இது:

ஜன்மதி³ன் முபா³ரக் ஹோ.
(பிறந்தநாள் வாழ்த்து.)

ஆஜ் மைன் ஹிந்தீ³ மேன் போ³ல் ரஹீ ஹூன். க³ல்தீ ஹோ தோ ஹன்ஸ் லேனா.
(இன்று நான் இந்தியில் பேசுகிறேன். தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.)

தும்ஹாரே பி³னா க⁴ர் ஸூனா லக்³தா ஹை. முஜே தும்ஹாரீ யாத்³ ஆதீ ஹை.
(நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கு. எனக்கு உன் ஞாபகம் வருது.)

தும் ஆஓகே³ தோ மைன் கீ²ர் ப³னாஊங்கீ³.
(நீ வந்தால் பாயசம் செய்வேன்.)

அக்³லே ஸால் தும்ஹாரா ஜன்மதி³ன் ஸாத்² மனாயேங்கே³.
(அடுத்த வருஷம் உன் பிறந்தநாளைச் சேர்ந்து கொண்டாடுவோம்.)

நிதானமாகச் சொன்னால் முப்பது விநாடிகூட ஆகாது. இதற்கு மேல் நீட்டாதீர்கள், நீட்டினால் மூச்சு போகிறது. நாத்தனாரைச் சாதாரண வேகத்தில் பேசி அனுப்பச் சொல்லி, அவர் குரலோடு சேர்ந்தே சொல்லிப் பழகினேன். பதிவின்போது முழுத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. பார்த்து வாசித்தால் குரலிலேயே தெரிந்துவிடுகிறது, செய்தி வாசிப்பதுபோல. வரிக்கு ஒரு சொல் மட்டும் சீட்டில்: வீடு, ஞாபகம், கீர். வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், கை ஃப்ரீயாகிவிடும். அனுப்புமுன் நிறுத்திக் கேட்டும் பார்க்கலாம். ஆறாவது முறை பேசியதை அனுப்பினேன்.

ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன். பதில் வரும், அது இந்தியில் வரும், முழு வேகத்தில் வரும். 'தீ⁴ரே போ³ல்னா', அதாவது மெதுவாகப் பேசு, என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து வந்தது. நாற்பது விநாடி. நடுவில் ஒரு இடத்தில் பேச்சு நின்று போய், மறுபடி தொடங்கியது. எனக்குப் பிடிபட்டது 'கீர்' ஒன்றுதான். நாத்தனாருக்கு அனுப்பி அர்த்தம் கேட்கலாம் என்று விரல் போனது, அனுப்பவில்லை. ராத்திரி வரை திரும்பத் திரும்பக் கேட்டேன். நாலாவது தடவையில் அந்த வரி பிரிந்தது. கீர் வேண்டாமாம். வந்ததும் அடை போடணுமாம்.