ஏழு காலை, ஏழு சீட்டு

ஒருவரோடு புதிதாகப் பழகத் தொடங்கியவர்கள் சிலர், தினம் காலையில் ஒரு டாரட் சீட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். வாரத்துக்குள் 'இரண்டு கோப்பைகள்' இரண்டு முறை வந்துவிட்டால் மனம் துள்ளுகிறது. ஆணும் பெண்ணும் கோப்பை ஏந்தி எதிரெதிரே நிற்கும் படமாயிற்றே! ஆனால் சீட்டுக்கட்டில் இருப்பவை 78 சீட்டுகள். எடுத்ததைத் திரும்பச் சேர்த்துக் கலைத்தால், ஏழு நாளில் ஏதாவது ஒரு சீட்டு மறுபடி வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதில் அதிசயமில்லை.

அப்படியானால் சீட்டு எதற்கு என்பீர்கள். கவனிக்க வேண்டியது சீட்டை அல்ல, அதற்கு நீங்கள் எழுதும் பொருளை. கைபேசியைத் திறக்குமுன் ஒரு வரி எழுதிவிட வேண்டும். அவருடைய செய்தியைப் படித்தபின் எழுதினால் பொருள் அதற்கேற்ப வளைந்துவிடும். இரவில், நடந்ததைப் பக்கத்தில் குறியுங்கள். தனிமையில் விளக்கேந்தி நிற்கும் 'துறவி'க்கும், கொண்டாட்டமான 'மூன்று கோப்பைகளு'க்கும் ஒரேபோல் 'விலகிப் போகிறார்' என்று எழுதியிருந்தால், அந்தப் பயம் சீட்டிலிருந்து வந்ததல்ல. அவர் சொன்னபடி வந்தாரா, பேசினாரா என்பதற்கு இரவுக் குறிப்புதான் சாட்சி.