ஒரே டம்பெல், இரண்டு பேர்
(மாகறலில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மகன் காவலர் தேர்வுக்குத் தயாராகிறார். கயிறு ஏற அவருக்குக் கை வலு வேண்டும். தாயாருக்குச் சர்க்கரை, கால் வலு குறைந்து, நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார். வீட்டில் இருப்பது தட்டு மாற்றும் 10 கிலோ டம்பெல் ஒன்றும், ஒரு மர நாற்காலியும்தான்.

இருவரும் ஒரே பயிற்சியை மாற்றி மாற்றிச் செய்தால் ஒவ்வொரு முறையும் தட்டைக் கழற்றி மாட்ட வேண்டும். சலித்துப்போய்த் தாயார் மகனின் எடையையே தூக்கிப் பார்ப்பார், தோள் பிடித்துக்கொள்ளும். அதனால் பொருளைப் பங்கு போடாமல் நேரத்தைப் பங்கு போடுங்கள்.

மகன் ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் டம்பெல்லை இடுப்புவரை இழுக்கட்டும். கைக்குப் பத்து முறை. இது ஒரு நிமிடம். அடுத்த சுற்றுக்கு முன் அவருக்கு இரண்டு நிமிட ஓய்வு தேவை. அந்த ஓய்வுதான் தாயாரின் முறை. சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எட்டு முறை எழுந்து மெல்ல உட்காரட்டும், மகன் எண்ணட்டும். இப்படி மூன்று சுற்று, சுமார் பத்து நிமிடம்.

பிறகு ஒரே ஒரு முறை தட்டைக் கழற்றுங்கள். இரண்டு மூன்று கிலோ வைத்து, தாயார் நின்றபடி இரு கைகளாலும் பிடித்து நெஞ்சுவரை தூக்கட்டும், பன்னிரண்டு முறை. அவர் ஓய்வெடுக்கும்போது மகன் நாற்காலியில் காலை வைத்துத் தண்டால் எடுக்கலாம். இதுவும் மூன்று சுற்று. தட்டு மாற்றியதும் திருகை இறுக்குங்கள். சர்க்கரையால் மரத்துப்போன காலில் தட்டு விழுந்தால் காயம் தெரியாமலே போகும்; தாயார் மூடிய செருப்பு அணிவது நல்லது.

அளவு சரிதானா என்பதை எப்படி அறிவது? மகனுக்குக் கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும். பதினைந்து முறை எளிதாக வந்தால் புது எடை வாங்க வேண்டாம். மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெல்ல இறக்கினால் போதும். தாயார் மூச்சை அடக்காமல், பேசிக்கொண்டே செய்ய முடிய வேண்டும். மறுநாளும் முழங்கால் வலித்தால், நாற்காலியில் போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடுக்கம், திடீர் வியர்வை வந்தால் உடனே நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், அஸருக்குப் பின் செய்யலாம். நாற்காலியில் போட்ட போர்வையைத் தாயார் ஒருநாள் எடுத்துவிட்டால், கால் வலு கூடுகிறது என்று அர்த்தம். இன்ஷா அல்லாஹ், அங்கிருந்து தரையில் ஸஜ்தா செய்யும் நாளும் வரலாம்.