பத்து வருசக் கணக்கும் ஒரு நிமிடப் படமும்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



டீக்கடையில, ஹாஸ்டல்ல, ஆபீஸ் கேன்டீன்ல நாம எல்லாரும் கேட்ட ஒரு வாக்கியத்துலேர்ந்து தொடங்குறேன். "இடஒதுக்கீடு பத்து வருசத்துக்குத்தானே? அம்பேத்கரே அப்படித்தானே எழுதி வச்சாரு?" இதைச் சொல்றவர் ஆத்திரமாச் சொல்றதில்ல. ஏதோ ஊரறிஞ்ச விசயம் மாதிரி, சிரிச்சுக்கிட்டே சொல்வார். நம்ம பிள்ளைகளே சில பேர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஆமா போலருக்குன்னு நினைச்சுக்கிறாங்க. எனக்கு வலிச்சது அந்தத் தலைகுனிவுதான்.

பொய் ஒரே வாக்கியம். நாம கொடுக்கிற பதில் நாற்பது பக்கச் சிறுவெளியீடு. அந்த வெளியீட்டைத் தூக்கிக்கிட்டு டீக்கடைக்குப் போக முடியாது. அதனாலதான் கைப்பேசியில் ஓடுகிற ஒரு நிமிடப் படம் எடுக்கலாம்னு நானும் இரண்டு தோழர்களும் முடிவு செய்தோம். முதல் படம் படுதோல்வி. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சே.

முதலில் விசயம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அரசமைப்புச் சட்டத்தில் பத்து வருசம் என்று ஒரு கெடு இருந்தது உண்மைதான். அது 334ஆவது பிரிவு. மக்களவையிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உள்ள தனித் தொகுதிகள், ஆங்கிலோ இந்தியர் நியமனம் ஆகியவற்றுக்கான கெடு. 1950லிருந்து பத்து வருசம் என்று எழுதினார்கள். பிறகு ஒவ்வொரு பத்து வருசத்துக்கும் ஒரு திருத்தம் போட்டு நீட்டினார்கள். கடைசியாக 2019இல் வந்த 104ஆவது திருத்தம், தனித் தொகுதிகளை 2030 ஜனவரி வரைக்கும் நீட்டியது. ஆங்கிலோ இந்தியர் நியமனத்தை நீட்டாமல் விட்டுவிட்டது.

வேலைக்கான ஒதுக்கீடு 16(4)ஆவது பிரிவில் இருக்கிறது. 1950 முதலே இருக்கிறது. படிப்புக்கான 15(4) பிற்பாடு வந்தது. சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணை செண்பகம் துரைராஜன் வழக்கில் அடிபட்ட பிறகு, 1951இல் முதல் திருத்தமாகச் சேர்த்தார்கள். இந்த இரண்டிலும் பத்து என்றோ இருபது என்றோ எந்த எண்ணும் கிடையாது. ஆக, தொகுதிக்கு எழுதின கெடுவைக் கொண்டுவந்து வேலைக்கும் படிப்புக்கும் ஒட்டிவைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் சங்கதி.

இவ்வளவு தெரிந்திருந்தும் முதல் படத்தை எப்படிக் கெடுத்தோம்?

திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் "இடஒதுக்கீடு பத்து வருசத்துக்கு மட்டுமே!" என்று போட்டோம். பின்னணியில் உறுமி. பதினைந்து விநாடி அந்த எழுத்து அசையவே இல்லை. அப்புறம்தான் நான் வந்து, "இது பொய். பத்து வருசக் கெடு எதுவுமே சட்டத்தில் கிடையாது" என்று முழங்கினேன். முழக்கம் நல்லாத்தான் இருந்தது. மூன்று அடி விழுந்தது.

முதல் அடி, யாரோ அந்தப் பதினைந்து விநாடியை மட்டும் வெட்டிச் சுற்றுக்கு விட்டார்கள். நம்ம கொடி, நம்ம எழுத்து, அவங்க பொய். இரண்டாவது, பேருந்தில் பலரும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது சிவப்பு எழுத்து மட்டுமே. மூன்றாவதுதான் எனக்குப் பெரிய வெட்கம். சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் என்னைத் தேடி வந்து, "அண்ணே, கெடு எதுவுமே இல்லைன்னு சொல்லிட்டீங்களே, 334ல பத்து வருசம்னு இருந்துச்சே"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல. பொய்யை மறுக்கிற அவசரத்தில் நானே ஒரு பொய்யைச் சொல்லியிருந்தேன். எதிராளி 334ஐ எடுத்துக் காட்டினால் நம்ம படம் மொத்தமும் பொய்யாகிவிடும். மறுப்பு எழுதுகிறவர்கள் அதிகமாக விழுகிற பள்ளம் இதுதான். பொய்க்குள்ளே ஒரு துண்டு உண்மை இருந்தால், முதலில் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இரண்டு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன், இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை.

1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ என்று மூன்று பேர் மாணவர்களைக் கூட்டி, உண்மையும் பொய்யும் கலந்த வாக்கியங்களை இரண்டிரண்டு வார இடைவெளியில் மூன்று முறை கேட்கவைத்தார்கள். திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களை, அவை பொய்யாகவே இருந்தாலும், மாணவர்கள் கூடுதலாக நம்பினார்கள். பழகின குரல் உண்மை மாதிரி தோன்றுகிறது. நாங்கள் பதினைந்து விநாடி செய்தது அந்தப் பழக்கத்தைத்தான்.

இரண்டாவது, 1994இல் ஜான்சனும் சைஃபர்ட்டும் செய்தது. ஒரு கிடங்கு தீப்பிடித்த கதையைத் துண்டு துண்டாகப் படிக்கக் கொடுத்தார்கள். அங்கிருந்த சிற்றறையில் பெயின்ட் டப்பாவும் கேஸ் சிலிண்டரும் இருந்ததாக முதலில் ஒரு தகவல். பிறகு, அது தவறு, அந்த அறை காலியாக இருந்தது என்று மறுப்பு. படித்தவர்கள் மறுப்பை நினைவு வைத்திருந்தார்கள். ஆனாலும் கரும்புகை ஏன் வந்தது என்று கேட்டால், பெயின்ட்டாலதான் என்கிறார்கள்! வேறு காரணம் ஒன்றைக் கொடுத்தபோது, யாரோ வேண்டுமென்றே தீ வைத்ததற்குத் தடயம் இருந்தது என்று சொன்னபோதுதான், பெயின்ட்டைப் பற்றிய நம்பிக்கை குறைந்தது.

எங்கள் படத்துக்கு இது நேராகப் பொருந்துகிறது. "இல்லை" என்று சொன்னால் மட்டும் மண்டைக்குள் ஒரு பள்ளம் விழுகிறது. அப்போ அந்தப் பத்து வருசம் எங்கேருந்து வந்தது என்கிற கேள்வி அந்தப் பள்ளத்திலேயே கிடக்கும், பழைய பொய் திரும்ப வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும். பத்து எங்கே இருந்தது என்று காட்டினால்தான் பள்ளம் நிரம்பும்.

சிலர் பயமுறுத்துவார்கள், பொய்யை வாயெடுத்துச் சொன்னாலே அது வளர்ந்துவிடும், மறுத்தால் ஆள் இன்னும் முரண்டு பிடிப்பான் என்று. 2010இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு இந்தப் பயம் பரவியது. பிறகு பெரிய அளவில் சோதித்தவர்களுக்கு அந்த விளைவு அநேகமாகக் கிடைக்கவில்லை. ஆகவே பொய்யைச் சொல்லலாம். ஒரு தடவை சொல்லணும், சொல்லும்போதே பொய் என்று தெரியணும். எந்தப் பொய்யை மறுக்கிறோம் என்றே சொல்லாமல் மறுத்தால் கேட்கிறவருக்கு ஒன்றும் விளங்காது.

இரண்டாவது படத்தை இப்படி அமைத்தோம். காதுக்குப் பொய், கண்ணுக்கு உண்மை. காதில் விழுகிற அந்தப் பழகின வாக்கியம் ஆளை நிறுத்தும். ஆனால் திரையில் அது எழுத்தாக ஒருபோதும் வராது. எழுத்தாக வருவது உண்மை மட்டும்தான். வெட்டி எடுத்தாலும் அந்த எழுத்து கூடவே போகும், சத்தமில்லாமல் பார்த்தாலும் அதுதான் தெரியும்.

நான் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல் வரும். மூச்சு விட இடம் வேண்டும், ஆகவே அறுபது சொல்லுக்குள் வைத்துக்கொண்டோம். பேசினது இது.

முதல் ஆறு விநாடி, ஒரு டீக்கடைக் குரல்: "இடஒதுக்கீடு பத்து வருசத்துக்குத்தான்னு சட்டத்துலயே போட்டிருக்காமே?" அதே நேரத்தில் திரையில்: வேலை, படிப்பு ஒதுக்கீட்டுக்குச் சட்டத்தில் காலக்கெடு இல்லை.

உடனே நான்: "பத்து வருசம்னு இருந்தது நிஜம். ஆனா அது வேலைக்கில்ல, படிப்புக்கில்ல." பன்னிரண்டாவது விநாடிக்குள் மறுப்பு வந்துவிட்டது. இதற்கு மேல் தாமதித்தால் ஆள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவான்.

அடுத்த பதினைந்து விநாடி: "அது 334ஆவது பிரிவு. நாடாளுமன்றத்துலயும் சட்டமன்றத்துலயும் இருக்கிற தனித் தொகுதிக்கான கெடு. அதையும் இதுவரைக்கும் நீட்டிக்கிட்டே வந்திருக்காங்க." திரையில் சட்டப் புத்தகத்தின் அந்தப் பக்கம், பிரிவு எண்ணின் மேல் என் விரல். அச்சடித்த பக்கமாக இருக்கணும். வரைபடம், அனிமேஷன் எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஜனங்களுக்குத் தெரியும்.

பிறகு பக்கத்தைப் புரட்டுகிறேன்: "வேலைக்கு 16(4). படிப்புக்கு 15(4). நீங்களே படிங்க, எத்தனை வருசம்னு எங்கயாவது இருக்கா?" இங்கே நான்கு விநாடி நான் பேசவே இல்லை. படிக்க விட்டேன். தோழர்கள் இந்த மௌனத்தை வெட்டச் சொன்னார்கள், நான் விடவில்லை.

கடைசியாக: "தொகுதிக்கு எழுதின பத்தை எடுத்து வேலைக்கும் படிப்புக்கும் ஒட்டிட்டாங்க. இனிமே யாராவது சொன்னா, எந்தப் பிரிவுன்னு கேளுங்க." முடிந்தது. நம் வரலாறு, பூனா ஒப்பந்தம், மண்டல் எதையும் சேர்க்கவில்லை. கை துறுதுறுத்தது, சேர்க்கவில்லை.

வெளியே விடுவதற்கு முன் ஐந்து பேரிடம் காட்டினோம். பார்த்தவுடனே "புரிஞ்சுதா"ன்னு கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். மறுநாள் கேட்டோம், "நேத்துப் பார்த்த படம் என்ன சொல்லுச்சு?" நான்கு பேர் தொகுதிக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார்கள். ஒரு அக்கா மட்டும், "ஏதோ பத்து வருசம்னு வந்துச்சு"ன்னாங்க. அவங்களுக்குத் தனித் தொகுதின்னா என்னன்னே பிடிபடல. அதனால அந்த வார்த்தைக்கு மேலே, எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளர் மட்டும் நிற்கிற தொகுதி என்று ஒரு வரி சேர்த்தோம்.

இந்த வடிவத்துக்கு அடங்காதவையும் உண்டு. "ஒதுக்கீட்டால தகுதி போச்சு" என்பதை ஒரு நிமிடத்தில் மறுக்க வராதீர்கள். அது ஒரு தகவல் பற்றிய தவறு இல்லை. தகுதின்னா என்ன, அதை அளக்கிறது யாரு என்கிற பெரிய சண்டை. அதற்கு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேச வேண்டும். பக்கத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டக்கூடிய பொய் மட்டும்தான் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். அப்படி மறுத்ததும் சில வாரத்தில் மங்கிப்போகும், ஆகவே கல்லூரி சேர்க்கை நேரத்தில் வருசாவருசம் திரும்ப விட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, படத்தின் ஓரத்தில் எடுத்த மாதமும் வருசமும் போட்டிருக்கிறோம். 334ஆவது பிரிவின் கெடு 2030 ஜனவரியோடு முடிகிறது. அப்போ நீட்டினாலும் நீட்டாவிட்டாலும், "இதுவரைக்கும் நீட்டிக்கிட்டே வந்திருக்காங்க" என்று நான் சொல்கிற அந்த வரியைத் திரும்பப் பேசிப் பதிவு செய்தாகணும்.