பால் எல்லோருக்கும் ஒத்த உணவா?



இன்றைய தினம் பாலைப்பற்றி நான் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்டேன். பாலைப்பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது, கறக்கிறோம், காய்ச்சுகிறோம், குடிக்கிறோம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு பெரிய டம்ளர் பாலைக் குடித்தால் ஒரு மணி, இரண்டு மணி நேரத்திற்குள் வயிறு உப்பி, கடமுடவென்று இரைந்து, சில சமயம் கழிச்சலும் ஆகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பார்கள். கையைத் தூக்கச் சொன்னால் வெட்கப்படுவார்கள். ஏனென்றால், "பால் ஒத்துக்கொள்ளாத உடம்பும் ஒரு உடம்பா?" என்று வீட்டிலுள்ளவர்களே அவர்களைப் பரிகாசம் செய்கிறார்கள். போதாக்குறைக்கு, பால் தெய்வீகமான உணவு, மனிதனுக்கென்றே ஆண்டவன் படைத்தது, அது யாருக்கும் கெடுதி செய்யாது என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் எது உண்மை என்பதை நம்பிக்கையைக் கொண்டு தீர்மானிக்காமல், குடலைக்கொண்டும் ரத்தத்தைக்கொண்டும் பழைய பானை ஓட்டைக்கொண்டும் தீர்மானிப்போம்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது. அதற்கு லாக்டோஸ் என்று பெயர். நாம் பால் சர்க்கரை என்று சொல்லிக்கொள்ளலாம். 200 மில்லி பசும்பாலில் அது சுமார் 10 கிராம் இருக்கும். இது இரண்டு சிறு சர்க்கரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிற சர்க்கரை. ஒட்டினபடியே இருந்தால் அது குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேர முடியாது. அதை இரண்டாக வெட்ட வேண்டும். வெட்டுகிற கத்தரிக்கோல் போன்ற ஒரு ஜீரணப் பொருள் சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. அதற்கு லாக்டேஸ் என்று பெயர்.

தாய்ப்பால் குடிக்கிற குழந்தை எந்த நாட்டுக் குழந்தையானாலும் அதனிடம் இந்தக் கத்தரிக்கோல் நிறைய இருக்கும். ஆனால் பால் மறந்த சில ஆண்டுகளில் அது குறைந்துபோகிறது. பூனை, நாய், மாடு ஆகிய பாலூட்டிகளிடமும் இப்படித்தான். வேலை தீர்ந்த ஆளைக் கணக்குத் தீர்த்து அனுப்புவது போல உடம்பு அதை நிறுத்திவிடுகிறது. பிறகு குடிக்கும் பாலின் சர்க்கரை வெட்டப்படாமலே பெருங்குடலுக்குப் போகிறது. போகிற வழியில் தண்ணீரை இழுக்கிறது. அங்கே இருக்கும் கிருமிகள் அதைத் தின்று காற்றை உண்டாக்குகின்றன. வயிறு உப்புவதும், இரைவதும், கழிவதும் இதனால்தான். இதில் திருஷ்டியுமில்லை, சாபமுமில்லை.

வளர்ந்த பிறகும் இந்த லாக்டேஸ் குறையாமல் இருக்கிறவர்கள் உலகத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள்தான். மூன்றில் இரண்டு பங்கு ஜனங்களுக்கு அது குறைந்துவிடுகிறது. ஆனால் 1960ஆம் ஆண்டுகள்வரை ஐரோப்பிய, அமெரிக்க வைத்தியர்கள் பெரியவர்களிடம் லாக்டேஸ் குறைவதை ஒரு வியாதி என்றே எண்ணி வந்தார்கள். தங்களுக்கு எது இருந்ததோ அதுதான் மனிதனுக்கு இயற்கை என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வைத்தியர்கள் வெள்ளையரையும் கருப்பரையும் சேர்த்துச் சோதித்து 1966இல் முடிவை வெளியிட்ட பிறகுதான், ஆரோக்கியமான கருப்பர்களில் பெரும்பாலோருக்கு லாக்டேஸ் குறைவு என்பது தெரிந்தது. பிறகு சீனா, ஜப்பான் முதலிய நாட்டாரைப் பார்த்தாலும் அப்படியே இருந்தது. ஆகவே வியாதி என்று சொல்லப்பட்டதே மனித ஜாதியின் பழைய நிலைமை என்றும், வெள்ளையர் பெற்றிருந்ததுதான் புதிது என்றும் கணக்குத் தலைகீழாக மாறிற்று.

ஒரே ஓர் எழுத்து

அந்தப் புதிது எப்படி வந்தது? நம் உடம்பின் அநேகமாக ஒவ்வோர் உயிரணுவிலும் பெற்றோர் வழியாக வந்த மரபுச் சரடு இருக்கிறது. அது நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஒரு நீண்ட ஏடு. லாக்டேஸ் செய்யும் முறையும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. பின்லாந்து நாட்டில் பல குடும்பங்களை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் ஒரு சங்கதியைக் கண்டார்கள். லாக்டேஸ் செய்யும் முறையில் எந்த மாறுதலும் இல்லை. அதற்குச் சுமார் 14,000 எழுத்துக்களுக்கு அப்பால் ஓர் இடத்தில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த இடம் விளக்குக்கு உள்ள சுவிட்சு போன்றது. எழுத்து மாறியவர்களுக்கு அந்தச் சுவிட்சு பெரியவர்களான பின்பும் அணைவதில்லை. தாய், தகப்பன் ஆகிய இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த எழுத்து வந்தாலும் போதும்.

சரி, ஆப்பிரிக்காவில் காலங்காலமாக மாடு மேய்த்துப் பால் குடிக்கிற ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கும் இதே எழுத்துதானா என்ற கேள்வி எழுந்தது. டான்சானியா, கென்யா, சூடான் ஆகிய நாடுகளில் 470 பேரைச் சோதித்தார்கள். வெறும் வயிற்றில் 50 கிராம் பால் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்தார்கள். அது சுமார் ஒரு லிட்டர் பாலில் உள்ள அளவு. பிறகு ஒரு மணி நேரம்வரை அவ்வப்போது ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் குடலில் வெட்டு நடக்கிறது என்று அர்த்தம். ஏறாவிட்டால் நடக்கவில்லை என்று அர்த்தம். 2007இல் வெளிவந்த முடிவு என்னவென்றால், அங்கும் சுவிட்சு அணையாதவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் எழுத்து வேறு. ஐரோப்பியரின் எழுத்து மாறிய இடத்துக்கு மிக அருகில், 100 எழுத்துத் தள்ளி, வேறோர் எழுத்து மாறியிருந்தது. அரேபியாவில் ஒட்டகம் வளர்க்கிறவர்களிடம் இன்னொரு மாறுதல் இருக்கிறது.

ஒரு கதவை மூன்று ஊரார், ஒருவரை ஒருவர் அறியாமல், மூன்று சாவியால் திறந்தது போன்ற காரியம் இது. ஆண்டவன் ஒருவன் திட்டம் போட்டுக் கொடுத்திருந்தால் ஒரே சாவியைக் கொடுத்திருக்க மாட்டானா என்று கேட்கிறேன். எழுத்துப் பிழை எங்கும் தற்செயலாக உண்டாகிறது. மாடோ ஒட்டகமோ வளர்த்த இடத்தில் அந்தப் பிழை பிழைப்புக்கு உதவிற்று. ஆகவே அங்கே அது பெருகிற்று. மற்ற இடத்தில் உதவவில்லை, பெருகவில்லை. இவ்வளவுதான்.

பானையும் எலும்பும் சொல்லும் சாட்சி

இது எப்பொழுது நடந்தது? பழைய பானை ஓட்டில் ஊறிப்போன கொழுப்பைச் சோதித்தால் அது பாலின் கொழுப்பா, இறைச்சியின் கொழுப்பா என்று சொல்லிவிடலாம். துருக்கியின் வடமேற்கில் சுமார் 8,500 ஆண்டுகளுக்கு முன்பே பானையில் பால் இருந்திருக்கிறது. போலந்தில் 7,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓட்டைப் பானைகளில் பால் கொழுப்பு ஒட்டியிருக்கிறது. திரிந்த பாலை வடிகட்டிப் பாலாடைக்கட்டி செய்யவே அவை பயன்பட்டன. வடிகிற நீரோடு பால் சர்க்கரையும் போய்விடும். ஆனால் அந்தக் காலத்து எலும்புகளில் மரபுச் சரடை எடுத்துப் பார்த்தால் அந்தப் புது எழுத்து அநேகமாக இல்லை. ஐரோப்பாவில் அது எங்கும் சாதாரணமாகக் காணப்படுவது சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது, ஜீரணிக்க முடியாத ஜனங்களே பல ஆயிரம் ஆண்டுகள் பாலை உபயோகித்து வந்திருக்கிறார்கள். முதலில் பழக்கம், பிறகு உடம்பு!

அப்படியானால் பெருகியது ஏன்? ஆயிரக்கணக்கான பானை ஓடுகளையும் பழைய எலும்புகளையும் சேர்த்து ஆராய்ந்து 2022இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். பால் அதிகம் குடித்த காலத்தோடு இந்த எழுத்தின் பெருக்கம் பொருந்தவில்லை. பஞ்சத்தோடும் நோயோடுமே அதிகம் பொருந்துகிறது என்றார்கள். ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல காலத்தில் பால் ஒத்துக்கொள்ளாதவனுக்கு வயிறு இரையும், அதனால் சாகமாட்டான். விளைச்சல் பொய்த்து, தானியம் தீர்ந்து, பால் ஒன்றே மிஞ்சிய காலத்தில், எலும்பும் தோலுமாய் இருப்பவனுக்கு அதே கழிச்சல் வந்தால் உடம்பிலுள்ள தண்ணீர் போய்ச் செத்துவிடுவான். பக்கத்து வீட்டில் எழுத்து மாறினவன் பிழைத்துக்கொள்வான். இந்த விளக்கம் முடிந்த முடிவல்ல, ஆராய்ச்சி நடக்கிறது. ஆனாலும் சாட்சியோடு கூடியது.

இவ்வளவு குறுகிய காலத்தில் பெருகுமா என்றால், வட்டிக்கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்குச் சொல்லுகிறேன். மற்றவர்களுக்கு 100 பிள்ளைகள் தங்கினால் இவர்களுக்கு 104 பிள்ளைகள் தங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைமுறைக்கு நூற்றுக்கு நான்கு வட்டி. ஆயிரத்தில் ஒருவனாய் ஆரம்பித்தவன் வட்டிக்கு வட்டி ஏறிச் சரிபாதியாக ஆவதற்குச் சுமார் 176 தலைமுறை போதும். தலைமுறைக்கு 28 ஆண்டு என்றால் 5,000 ஆண்டுக்குள் அடங்கும். மனிதன் என்றைக்கோ முற்றுப்பெற்றுவிட்டவன் என்பவர்களுக்கு இதுவே பதில்.

நம் நாட்டுச் சங்கதி

இந்தியாவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் மரபுச் சரடைப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். இங்கே அதிகமாகக் காணப்படுவது பின்லாந்தில் கண்ட அதே எழுத்து. வடமேற்கில் அதிகம், தெற்கேயும் கிழக்கேயும் வரவரக் குறைவு. இதைக் கொண்டு யாரும் மேல் கீழ் பேச இடமில்லை. மங்கோலியரைப் பாருங்கள். அவர்களில் மிகச் சிலருக்கே அந்த எழுத்து உண்டு; ஆனாலும் குதிரைப்பாலும் தயிரும் பாலாடைக்கட்டியுமாகவே வாழ்கிறார்கள். பாலைப் புளிக்க வைத்தால் கிருமிகளே சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. நம் பாட்டிமார் பாலுக்கு உறை ஊற்றியதும் அதே வித்தைதான். உடம்பு செய்யாததை மனிதனுடைய கை செய்துவிட்டது.

ஆகவே, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். தொந்தரவு நின்று, மறுபடி குடித்ததும் திரும்பி வந்தால் காரணம் அநேகமாக இதுதான். பெரும்பாலோருக்கு ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் அளவு, சாப்பாட்டோடு சேர்ந்தால், கெடுதி செய்யாது. தயிரும் மோரும் இன்னும் சுலபம். ஆனால் கழிச்சலில் ரத்தம் கண்டாலும், உடம்பு இளைத்தாலும், பால் குடித்ததும் தோல் தடித்து மூச்சுத் திணறினாலும் அது வேறு சங்கதி. வைத்தியரிடம் போக வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை இதைச் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. குழந்தைக்கு அந்தக் கத்தரிக்கோல் உண்டு.

நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக இதை நம்ப வேண்டாம். இனி யாராவது "பால் ஒத்துக்கொள்ளாத உடம்பும் ஒரு உடம்பா?" என்று கேட்டால், "மனித ஜாதியில் மூன்றில் இரண்டு பங்கின் உடம்பு அதுதான்" என்று சொல்லிவிட்டு, மோரைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.