சாம்பார் வைத்தாலும் ரசம்தான் வரும்

போன வாரம் நண்பர் ஒருத்தர் தன்னோட பம்பிள் பயோவைக் காட்டி, "சிரிப்பா இருக்கா, பாரு"ன்னு கேட்டார். அதில் இருந்தது இதுதான்:

"5 அடி 8 அங்குலம். பயணப் பிரியன். டிராமா பண்றவங்க, ஃபில்டர் போட்டோ வெச்சிருக்கவங்க இடப்பக்கம் தள்ளிடுங்க. ஒரு தடவ மாட்டித் தப்பிச்சவன் நான்!"

எனக்குச் சிரிப்பு வரலை. அவர் உயரம் 5 அடி 5. கடைசியாகப் போன பயணம் கொடைக்கானல், அதுவும் ஆபீஸ் டூர். "தப்பிச்சவன்" என்பது விவாகரத்து. அதைப் படிக்கிற பெண்ணுக்கு நகைச்சுவை தெரியாது, முன்னாள் மனைவி மேல இருக்கிற கோபம்தான் தெரியும். நாளைக்கு நம்மளைப் பத்தியும் இப்படித்தான் எழுதுவார்னு நினைப்பாங்க.

இதில் ஒரு வலியும் இருக்கு. ஒருத்தரை ரெண்டாவது தடவை சந்திச்சப்போதான் விவாகரத்து பத்திச் சொல்லியிருக்கார். அவங்க, "உயரமும் தப்பு, இதையும் சொல்லல. இன்னும் என்னென்ன இருக்கு?"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க.

பம்பிள் பயோவுக்கு இடம் 300 எழுத்துதான். அதனால் முதலில் பொய்யையும் அடுத்தவரைக் குத்துவதையும் வெட்டினோம். மிச்சம் ஒண்ணுமே இல்லை! அப்புறம் கேட்டேன்: "வீட்டுல உன்னை எதுக்குக் கிண்டல் பண்ணுவாங்க?" உடனே சமையல் கதை வந்தது. அதிலிருந்து எழுதினது இது:

"ரசம் நல்லா வைப்பேன். சாம்பார் வைக்கப் போனாலும் ரசம்தான் வரும். 5 அடி 5 அங்குலம். பரண்ல இருக்கிற குக்கரை எடுக்க ஸ்டூல் வேணும். விவாகரத்து ஆகி 2 வருஷம் ஆச்சு, கேட்டா சொல்றேன். உங்க வீட்டுல தப்பாப் போயும் நல்லா வந்த சமையல் எது?"

கவனிங்க, கிண்டல் முழுக்க அவர் மேலதான். ஆனா தன்னைத் தாழ்த்திக்கவும் இல்லை. "நான் ஒரு வேஸ்ட்"னு எழுதினா, படிக்கிறவங்க ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். சாம்பார் தண்ணியாப் போறது அப்படியில்லை, சின்ன விஷயம். விவாகரத்து வரியில் மட்டும் ஜோக் வைக்கலை. அதில் இன்னொருத்தர் வாழ்க்கையும் இருக்கு.

அந்த வரிதான் அவருக்குப் பயம். "இதைப் போட்டா யாரும் வர மாட்டாங்க"ன்னார். சிலர் வர மாட்டாங்க, உண்மைதான். ஆனா அவங்க ரெண்டாவது சந்திப்பில் எழுந்து போறதுக்குப் பதிலா, முதலிலேயே போயிடுவாங்க.

நீங்க எழுதினதைச் சரிபார்க்க ஒரு வழி: உங்க அக்காகிட்ட படிச்சுக் காட்டுங்க. "இது நீ இல்லையே"ன்னு எந்த வரியில் சொல்றாங்களோ, அதை எடுத்துடுங்க.

நண்பருக்கு வந்த முதல் பதில்: "எங்க வீட்டு மைசூர்பாகு. உடைக்க அம்மிக்கல் தேவைப்பட்டது." பேச்சு போயிட்டிருக்கு. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.