பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதும்போது…

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "ஆன்லைன்ல வாங்கி ஏமாந்துட்டோம், எழுதிப் போட்டும் பதில் இல்ல, என்ன பண்றது?" என்று கேட்டார்கள். அதற்குப் பதிலாக, மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் எழுதிய முதல் கடிதத்தையும், நாங்கள் உட்கார்ந்து திருத்திய இரண்டாவது கடிதத்தையும் கேளுங்கள். வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

அந்தக் குழுவின் ஊக்குநர் பாக்கெட் ஒட்டும் மெஷின் ஒன்றை 2,350 ரூபாய்க்கு ஆர்டர் போட்டார். அரை கிலோ பாக்கெட் ஒட்டுவதற்கு 12 அங்குல மெஷின் வேண்டும். வந்தது 8 அங்குலம். இரண்டே நாளில் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆப்பில் பதிவு செய்தார். எடுக்க வந்த பையன் தன் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது அந்தப் பொருள் இல்லையே, வேற மாடலா இருக்கே" என்று சொல்லி எடுக்காமலே போய்விட்டான். பாருங்கள், அவர்களே பொருளை மாற்றி அனுப்பினார்கள். மாறியிருக்கிறது என்ற அதே காரணத்தைச் சொல்லி எடுக்கவும் மறுத்தார்கள்! இதற்குள் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது. ஆப்பில் திருப்பும் பட்டனே காணோம்.

அப்போது அவர்கள் எழுதியது இது:

"ஐயா, நாங்கள் ஏழைப் பெண்கள். கஷ்டப்பட்டுச் சேர்த்த பணம். நீங்கள் அனுப்பிய மெஷின் சரியில்லை. எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை. பணத்தைத் தரவில்லை என்றால் போலீசுக்குப் போவோம்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு யாருடைய ஆர்டர், எந்த மெஷின், என்ன குறை, எவ்வளவு பணம் என்று ஒன்றும் தெரியாது. "சரியில்லை" என்றால் ஓடவில்லையா, உடைந்ததா, அளவு மாறியதா? "எத்தனையோ தடவை" என்றால் எந்தெந்தத் தேதி? எந்தத் தேதிக்குள் பணம் வேண்டும் என்றும் இல்லை. அதனால்தான் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரியில் பதில் போட்டு முடித்துவிட்டார்கள்.

திருத்தி எழுதுவதற்கு முன்னால் விவரங்களைச் சேர்த்தோம். ஆப்பில் ஆர்டர் பக்கத்தைத் திறந்தால் ஆர்டர் எண்ணும், ஆர்டர் போட்ட தேதியும், பொருள் வந்த தேதியும் இருக்கும். அங்கேயே பில்லையும் இறக்கிக்கொள்ளலாம். விற்றவர் பெயரும் முகவரியும் அந்தப் பில்லில்தான் இருக்கும். போனில் பணம் கட்டியிருந்தால் 12 இலக்கத்தில் யுபிஐ எண் ஒன்று இருக்கும், அதையும் குறித்துக்கொண்டோம். "12 அங்குலம்" என்று போட்டிருந்த விளம்பரப் பக்கத்தை அன்றைக்கே போனில் படமாக எடுத்து வைத்தோம். பிறகு அவர்கள் அந்தப் பக்கத்தை மாற்றிவிட்டால் நம்மிடம் ஆதாரம் இருக்காது அல்லவா? மெஷினின் ஒட்டும் பட்டை மேல் தையல் டேப்பை வைத்து, 8 என்ற எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்தோம்.

பிறகு எழுதிய கடிதம் இது:

"தேதி: 20.06.2025.
பொருள்: மாற்றி அனுப்பிய மெஷினுக்கு ரூ.2,350 திருப்பித் தருவது பற்றி. ஆர்டர் எண்: ……

03.06.2025 அன்று 12 அங்குல பாக்கெட் ஒட்டும் மெஷின் ஆர்டர் செய்து, யுபிஐ மூலம் ரூ.2,350 செலுத்தினேன் (யுபிஐ எண்: ……). 09.06.2025 அன்று 8 அங்குல மெஷின் வந்தது. 11.06.2025 அன்று, ஏழு நாள் கெடுவுக்குள், திருப்பி எடுக்கப் பதிவு செய்தேன். 13.06.2025 அன்று வந்த உங்கள் ஆள், பொருள் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்று எடுக்க மறுத்தார். தவறான பொருள் அனுப்பியது உங்கள் தரப்பு. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன.

30.06.2025க்குள் மெஷினை எடுத்துக்கொண்டு, முழுத் தொகை ரூ.2,350ஐப் பணம் கட்டிய அதே கணக்கில் செலுத்த வேண்டும். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன்.

இணைப்பு: பில், விளம்பரப் படம், டேப் வைத்த போட்டோ, திருப்பப் பதிவு செய்த குறுஞ்செய்தி."

இதில் கெஞ்சலும் இல்லை, திட்டும் இல்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி அல்லது ஓர் ஆதாரம் இருக்கிறது. போலீஸ் என்று எழுதாமல், இந்த மாதிரி விஷயத்துக்கு உரிய இடத்தின் பெயரை எழுதியிருக்கிறோம். செய்ய முடிந்ததை மட்டும் எழுதினால்தான் அதற்கு மதிப்பு.

கடிதத்தை எங்கே அனுப்புவது? விற்றவருக்கு மட்டும் அனுப்பினால் போதாது. அந்த ஆன்லைன் தளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கும் சேர்த்து அனுப்புங்கள். அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது விதி. புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆர்டர் போட்ட அதே மின்னஞ்சலில் இருந்து அனுப்புங்கள். மகன் போனில் ஆர்டர் போட்டுவிட்டு வேறு கணக்கிலிருந்து எழுதினால், "இந்த ஆர்டர் உங்களுடையது இல்லை" என்பார்கள்.

இந்த ஊக்குநருக்கு 22ஆம் தேதி புகார் எண் வந்தது. 25ஆம் தேதி, "மெஷினை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 500 ரூபாய் தருகிறோம்" என்றார்கள். சிலர் இந்த இடத்தில்தான் தளர்ந்துபோகிறோம். அவர், "20.06.2025 கடிதத்தில் கேட்டபடி முழுத் தொகை வேண்டும், 500 ரூபாயை ஏற்கவில்லை" என்று ஒரே வரி எழுதினார். 28ஆம் தேதி மெஷினை எடுத்துப் போனார்கள். 30ஆம் தேதி பணம் வரவில்லை. 1ஆம் தேதி காலையில் கெடு முடிந்ததைக் குறிப்பிட்டு நினைவூட்டினார். 2ஆம் தேதி 2,350 ரூபாயும் கணக்கில் ஏறியது.

அப்படியும் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசி முடித்துவைக்கப் பார்ப்பார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதற்கு மாவட்ட ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நம் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

"வியாபாரத்துக்கு வாங்கினீங்க, நீங்க நுகர்வோர் இல்ல" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் நம்மையும் நுகர்வோராகவே ஏற்கிறது. வாங்கி அப்படியே மறுபடி விற்பதற்கு என்றால்தான் அது பொருந்தாது.

கடைசியாக ஒன்று. கஸ்டமர் கேர் நம்பரைப் பொதுவாக இணையத்தில் தேடி எடுக்காதீர்கள், அதில் போலி எண்கள் இருக்கின்றன. ஆப்புக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் போடவே தேவையில்லை. போடச் சொன்னால் அது நம் பணத்தை எடுக்கிற வேலை. உடனே போனை வைத்துவிடுங்கள்.

அந்தக் குழுவில் இப்போது தீர்மான நோட்டின் பின்பக்கத்தில், வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஆர்டர் எண், தேதி, தொகை, திருப்புவதற்குக் கடைசி நாள் என்று நான்கையும் அன்றன்றே எழுதி வைக்கிறார்கள். உங்கள் குழு நோட்டிலும் இன்றைக்கே அந்த நான்கு கட்டங்களைப் போட்டுவிடுங்கள்.